யாரும் பிறக்காத ஜாதகம்

டாக்டர் குமுதவல்லி மயக்க மருத்துவர். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பல வருடங்களாக வேலை பார்த்தாள். அவள் மயக்கம் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் ஒரே அறுவை மருத்துவரின் நோயாளிகளுக்குத்தான். அவர் பெயர் அந்துவான். அவளைவிட நாலு வயது இளையவர்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு குடல் அறுவையின் நடுவில், நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்கியது. "கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் குமுதவல்லி. அந்துவான் நிமிரவில்லை. "உங்க வேலையை நீங்க பாருங்க, என் வேலையை நான் பார்க்கிறேன்" என்று கத்தினார். நர்சுகள் எல்லாரும் கேட்டார்கள். நோயாளி பிழைத்து, நல்லபடி வீட்டுக்குப் போனார். ஆனால் அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் நடுவே வேலைக்கு வேண்டிய சொற்கள் மட்டும்தான். ஆரம்பிக்கலாமா. ஆரம்பிக்கலாம். முடிந்ததா. முடிந்தது.

இப்போது மருத்துவமனை ஊருக்கு வெளியே ஒரு புதுக் கட்டடம் கட்டியிருந்தது. அங்கே மயக்கவியல் பிரிவுக்குத் தலைமை ஏற்க விருப்பமா என்று நிர்வாகி அவளைக் கேட்டார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் அந்துவானுடன் இனி வேலை இல்லை.

குமுதவல்லி நேராகச் செலினிடம் போனாள்.

செலின் மேற்கத்திய ஜோதிடம் சொல்லிக் கொடுப்பவள். வயது நாற்பதுகூட ஆகவில்லை. கடற்கரைக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடி அறையில், ஏழெட்டுப் பேருக்கு வகுப்பு எடுத்தாள். குமுதவல்லி இரண்டு வருடமாக அங்கே படிக்கிறாள். வயதில் மூத்தவள் என்பதால் செலின் அவளை 'அக்கா' என்பாள். கற்றுக் கொடுப்பவள் என்பதால் குமுதவல்லி செலினை 'டீச்சர்' என்பாள். இருவருக்கும் அது சரியாகவே இருந்தது.

இரண்டு ஜாதகங்களை ஒப்பிடுவது கல்யாணத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வந்தவள் குமுதவல்லி. பத்துப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் ஆனவள். ஆனால் பாடம் தொடங்கிய அன்றைக்கே செலின் அந்த நினைப்பைக் கலைத்துவிட்டாள். இரண்டு ஜாதகச் சக்கரங்களைப் பலகையில் ஒட்டி, "இவங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் யாரு?" என்று கேட்டாள். ஒருவரின் சுக்கிரன் மற்றவரின் செவ்வாய் மேலேயே உட்கார்ந்திருந்தது. "காதல் கல்யாணம்" என்றான் ஒரு மாணவன். "அண்ணன் தம்பி" என்றாள் செலின். "சேர்ந்து பேக்கரி வெச்சிருக்காங்க. தினமும் சண்டை, தினமும் ரொட்டி. சக்கரத்துல உறவோட பேரு எழுதியிருக்காது. அதை ஆளைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்."

நிர்வாகி கேட்ட அன்று மாலை செலின் தனியாக இருந்தாள். குமுதவல்லி பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு கண்ணாடித் தாளையும் எடுத்தாள். வெள்ளைத் தாளில் அவளுடைய பிறப்புச் சக்கரம். கண்ணாடித் தாளில் அந்துவானின் கிரகங்கள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தாள்.

"டீச்சர், இந்த ஆளோட நான் தொடர்ந்து வேலை செய்யலாமா?"

"நீங்க என்ன பார்த்தீங்க?"

"எனக்குக் கடக லக்னம். என் புதன் மேஷத்துல பத்தாவது பாகை. அவரோட செவ்வாய் துலாத்துல எட்டு. நேர் எதிரே, ரெண்டு பாகை வித்தியாசம்தான். புதன் பேச்சு, செவ்வாய் கத்தி; நான் வாயைத் திறந்தா அவர் கத்தியை எடுப்பார். அப்படித்தானே?"

"அப்புறம்?"

"துலாம் எனக்கு நாலாம் வீடு. அங்கே அவரோட சூரியனும் செவ்வாயும் வந்து உட்கார்ந்திருக்கு. உண்மைதான் டீச்சர். வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டுக்கிட்டு உட்கார்ந்தாலும் அவர் குரல் காதுல கேக்குது."

செலின் தாளைப் பார்த்தாள்.

"சூரியனைத் துலாத்துல சரியாத்தான் வெச்சிருக்கீங்க."

"நம்ம பஞ்சாங்கத்துல கன்னியில இருக்கு. இங்கே நட்சத்திரத்தை வெச்சு மேஷத்தைத் தொடங்குறதில்லையே. பகலும் ராத்திரியும் சமமா இருக்கிற பங்குனி நாள்லேர்ந்து தொடங்குறோம். அந்த இருபத்துநாலு பாகை வித்தியாசத்தைக் கூட்டிப் போட்டேன்."

"நல்லது. அவர் பொறந்த நேரம்?"

"தெரியாது. தேதி தெரியும். வருஷா வருஷம் வார்டுல கேக் வெட்டுவாங்க."

"நேரம் இல்லாம லக்னம் இல்லை. லக்னம் இல்லாம வீடு இல்லை."

"அவரோட வீடு எனக்கு எதுக்கு? என் வீட்டுல அவர் என்ன பண்றாருன்னு தெரிஞ்சா போதாதா?"

"போதாது" என்றாள் செலின். "அவர் உங்க நாலாம் வீட்டுல இருக்கார். நீங்க அவரோட எந்த வீட்டுல இருக்கீங்க?"

குமுதவல்லி கண்ணாடித் தாளைத் தூக்கிப் பார்த்தாள்; அதில் வீடுகளே இல்லை.

"கேட்டுட்டு வாங்க."

"யாரை?"

"அவரைத்தான்."

"டீச்சர், நாங்க மூணு வருஷமா பேசிக்கிறதில்லை."

"மருந்து அளவு கேக்கிறதில்லையா? அதே மாதிரி கேளுங்க."

"வேற யார்கிட்டயாவது விசாரிச்சு..."

"அவருக்குத் தெரியாம அவர் வீட்டுக்குள்ள நான் போகமாட்டேன் அக்கா."

செலின் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். அன்றைய வகுப்பு அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் முதல் அறுவை முடிந்து, மருத்துவர்கள் டீ குடிக்கும் அறையில் அந்துவான் தனியாக உட்கார்ந்திருந்தார். குமுதவல்லி உள்ளே வந்தாள். வழக்கமாக அவர் இருந்தால் அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். அன்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டாக்டர், நீங்க பொறந்த நேரம் தெரியுமா?"

டீக் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"என்ன?"

"பொறந்த நேரம். காலையிலயா, ராத்திரியா?"

"எனக்குப் பொருத்தம் பார்க்கிறீங்களா மேடம்? என் பொண்ணுக்கே கல்யாண வயசு."

"பொருத்தம்தான். கல்யாணத்துக்கு இல்லை."

"பின்னே?"

"உங்களுக்கும் எனக்கும். ஆபரேஷன் தியேட்டருக்கு."

அந்துவான் கோப்பையைக் கீழே வைத்தார். சிரிப்பு வந்துவிடுமோ, கோபம் வந்துவிடுமோ என்று அவருக்கே தெரியாதது போல ஒரு நிமிடம் இருந்தார்.

"நான் இதெல்லாம் நம்புறவன் இல்லை. ஞாயித்துக்கிழமை தவறாம மாதா கோயில் பூசைக்குப் போறவன்."

"நீங்க நம்ப வேண்டாம். நேரத்தைச் சொன்னா போதும்."

"காலையில ஆறு மணி" என்றார் அவர். "கோயில்ல மணி அடிச்சுதாம், நானும் கத்தினேனாம். அம்மா சொல்லுவாங்க."

"இங்கேயா பொறந்தீங்க?"

"இங்கேதான். முத்தியால்பேட்டை."

"தேங்க்ஸ்."

அவள் எழுந்தாள். அந்துவானும் எழுந்தார். கதவு வரை போனவர் திரும்பினார்.

"மேடம், எப்படியும் பார்க்கப் போறீங்க. என் பக்கம் என்ன வருதுன்னும் பாருங்க."

அந்துவான் சொன்னதையெல்லாம் குமுதவல்லி அன்று மாலையே செலினுக்குப் போனில் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மறுபடியும் மாடி ஏறினாள். இந்த முறை தாள்களை மாற்றி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். வெள்ளைத் தாளில் அந்துவானின் சக்கரம், வீடுகளோடு. கண்ணாடித் தாளில் அவளுடைய கிரகங்கள்.

"அவருக்குத் துலா லக்னம்" என்றாள். "சூரியன் உதிக்கிற நேரத்துல பொறந்தவர். லக்னத்து மேலயே சூரியன்."

"வைங்க."

குமுதவல்லி கண்ணாடித் தாளை எடுத்து மேலே பொருத்தினாள். அவளுடைய சூரியன், புதன், சனி மூன்றும் மேஷத்தில் இருந்தன. துலாத்திலிருந்து எண்ணினால் மேஷம் ஏழாம் வீடு.

"ஏழாம் வீடு" என்றாள். முகத்தைச் சுளித்தாள். "இது புருஷன் பெண்டாட்டி வீடாச்சே."

"வாசலைத் திறந்தா யார் எதிர்ல நிக்கிறாங்களோ அவங்க எல்லாருக்கும் அந்த வீடுதான். கட்டினவங்க, கூட்டாளி, நேருக்கு நேர் நிக்கிற எதிரி."

"அவர் எனக்கு வீட்டுக்குள்ள புகுந்தவர். நான் அவருக்கு வாசல்ல நிக்கிறவளா?"

"நீங்கதான் பார்க்கிறீங்க. சொல்லுங்க."

குமுதவல்லி குனிந்து பாகைகளைப் பார்த்தாள். அவருடைய சூரியன் துலாத்தில் இருபது. அவளுடைய சனி மேஷத்தில் பதினேழு. விரல் அங்கேயே நின்றது.

"என் சனி அவரோட சூரியனுக்கு எதிரே இருக்கு."

"ஆமா."

"முதல் தடவை இதை நான் பார்க்கவே இல்லை. தேதியிலேர்ந்தே கிடைச்சிருக்கும். நேரமே தேவைப்பட்டிருக்காது."

"ஆமா."

"அவர் செவ்வாய் என்னை என்ன பண்ணுதுன்னு மட்டும்தான் தேடியிருக்கேன்."

குமுதவல்லி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"டீச்சர், என் சனி எதிர்ல நின்னா அவருக்கு எப்படி இருக்கும்?"

"நீங்க சனியைப் பத்தி மூணு மாசம் படிச்சீங்க அக்கா."

சனி என்றால் நேரம், கண்டிப்பு, தப்புத் தேடும் பார்வை என்று படித்ததைக் குமுதவல்லி யோசித்தாள். ஒவ்வொரு அறுவையிலும் அவர் கத்தியை எடுக்கும்போது அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். அது அவள் வேலை, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நேரம் கடந்தால் மறுபடியும் பார்ப்பாள், அப்புறம் அவரைப் பார்ப்பாள். முகமூடிக்கு மேலே அவள் கண் மட்டும்தான் அவருக்குத் தெரியும். அந்தக் கண் எப்படி இருந்திருக்கும் என்று அவள் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

"தினமும் பரீட்சை எழுதுற மாதிரி இருந்திருக்கும்" என்றாள். "மார்க் சொல்லாத வாத்தியார்கிட்ட."

இரண்டு தாள்களையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தாள்.

"அப்ப முடிவு தெளிவாயிடுச்சு" என்றாள் குமுதவல்லி. "அவரால எனக்குத் தொல்லை, என்னால அவருக்குத் தொல்லை. நாளைக்கே புதுக் கட்டடத்துக்குச் சரின்னு சொல்லிடறேன். ரெண்டு பேருக்கும் நல்லது."

செலின் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் முன் வைத்தாள். ஒரே ஒரு சக்கரம். பெயர் இல்லை, தேதி இல்லை.

"இதைப் படிங்க."

"யாரோடது?"

"படிச்சுட்டுக் கேளுங்க."

இது வகுப்பில் வழக்கமான பயிற்சிதான். குமுதவல்லி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"கன்னி லக்னம். கையைச் சுத்தமா வெச்சுக்கிற ஆள். நுணுக்கமான வேலை. அடுத்தவங்களுக்கு உதவுற வேலையா இருக்கும்."

"ம்."

"சூரியனும் செவ்வாயும் கடகத்துல சேர்ந்திருக்கு, மூணே பாகையில. பதினோராம் வீடு. தனியா இருந்தா இந்த ஆள் ஒண்ணும் இல்லை, நாலு பேரோட சேர்ந்து நின்னா வேகம். கடகம்கிறதால அந்த வேகம் யாரையாவது காப்பாத்துறதுக்குத்தான் கிளம்பும்."

"சனி?"

"ரிஷபத்துல பதினெட்டரை. சூரியன்லேர்ந்து கிட்டத்தட்ட அறுபது பாகை. நல்ல பார்வை. சூரியன் செவ்வாய் சேர்ந்தா அவசரப்படும். இந்தச் சனி அதைப் பிடிச்சு நிறுத்தாம, நிதானமா ஓட வைக்கும். ரொம்ப வருஷம் உழைக்கிற ஆள்." அவளுக்குப் படிக்கப் படிக்க உற்சாகம் வந்தது. "சந்திரன் தனுசுல, நாலாம் வீட்டுல. இதுக்கு வீடு மாதிரி ஒரு இடம் வேணும். ஆனா கதவைச் சாத்தி வெச்சுக்காது."

"உங்களுக்கு ஒரு ஆபரேஷன்னு வெச்சுக்குவோம்" என்றாள் செலின். "இந்த ஆளை நம்பிப் படுப்பீங்களா?"

"படுப்பேன்" என்றாள் குமுதவல்லி, யோசிக்காமல்.

"மேல படிங்க."

"புதன்..." அவள் நிறுத்தினாள். தாளை அருகில் இழுத்தாள். "டீச்சர், இது தப்பு."

"எது?"

"சூரியன் கடகத்துல இருபத்திரெண்டரை. புதன் மகரத்துல இருபத்திரெண்டரை. நூத்தி எண்பது பாகை. புதன் சூரியனை விட்டு இருபத்தெட்டு பாகைக்கு மேல போகவே போகாது. நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. எழுதும்போது கை தவறிடுச்சு."

"கை தவறலை."

"அப்படின்னா இப்படி ஒருத்தர் பொறக்கவே முடியாது."

"முடியாது" என்றாள் செலின். "பொறக்கவும் இல்லை."

குமுதவல்லி தாளையும் செலினையும் மாறி மாறிப் பார்த்தாள்.

செலின் ஒரு பென்சிலை நீட்டினாள். "உங்க சூரியன் எங்கே?"

"மேஷத்துல இருபத்தஞ்சு."

"அவரோடது?"

"துலாத்துல இருபது."

"ரெண்டுக்கும் நடு?"

அவள் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். மேஷத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் ஒன்று இருபத்தைந்து, மற்றது இருநூறு. இடையில் நூற்று எழுபத்தைந்து. அதில் பாதியைக் கூட்டினால் நூற்றுப் பன்னிரண்டரை. கடகத்தில் இருபத்திரண்டரை.

பென்சில் நின்றது.

"புதனையும் போடுங்க" என்றாள் செலின்.

அவளுடையது பத்து. அவருடையது விருச்சிகத்தில் ஐந்து, அதாவது இருநூற்றுப் பதினைந்து. முன்பக்கமாகப் போனால் இருநூற்று ஐந்து பாகை தூரம். பின்பக்கமாகப் போனால் நூற்று ஐம்பத்தைந்துதான்.

"ரெண்டு நடு வருது. ஒண்ணுக்கொண்ணு எதிர்ல."

"எப்பவும் ரெண்டு வரும். குறுக்கு வழி எதுவோ அதை எடுப்போம்."

குறுக்கு வழியில் பாதி எழுபத்தேழரை. பத்திலிருந்து பின்னால் எண்ணினாள். மகரத்தில் இருபத்திரண்டரை.

லக்னத்தையும் போட்டுப் பார்த்தாள். அவளுக்குக் கடகத்தில் பதினாலு, அவருக்குத் துலாத்தில் பதினெட்டு. நடுவில் கன்னி, ஒன்று.

"இது நாங்களா?" என்றாள்.

"நீங்க இல்லை. அவரும் இல்லை. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து நின்னா அங்கே ஒண்ணு நிக்குதே, அது. நண்பர்களுக்குப் போட்டாலும் இப்படித்தான், அக்கா தங்கைக்குப் போட்டாலும் இப்படித்தான். கணக்கு ஒண்ணுதான்."

"இதுல நான் எது? அவர் எது?"

"டீயில பால் எது, டிகாக்‌ஷன் எதுன்னு இப்ப எப்படிக்கா பிரிக்கிறது?"

குமுதவல்லி அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று முன்னால் இதை நம்பிப் படுப்பேன் என்று சொன்னவள். இத்தனை வருடங்களில் எத்தனை பேர் அப்படிப் படுத்து, கண் விழித்து, வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தாள். அவர்களில் யாரும் குமுதவல்லியை நம்பியோ அந்துவானை நம்பியோ தனித்தனியாகப் படுக்கவில்லை.

"இந்தப் புதன்தான் உறுத்துது" என்றாள் கடைசியில்.

"சிலருக்கு உறுத்தும். புதன் சூரியனை விட்டு இவ்வளவு தூரம் போகாதுன்னு சொல்லி, எடுத்து எதிர்ப்பக்க நடுவுல, சூரியன் பக்கத்துல வெச்சிருவாங்க. பார்க்க அழகா இருக்கும்."

"நீங்க?"

"நான் நகர்த்துறதில்லை. பேச்சு எதிர்ப்பக்கத்துலேர்ந்து வருதுன்னா அது அங்கேயே இருக்கட்டும்."

"அப்ப நான் புதுக் கட்டடத்துக்குப் போகணுமா, இருக்கணுமா?"

"அவர் தன் பக்கம் என்னன்னு கேட்டாரே. சொன்னீங்களா?"

"இல்லை."

செலின் தாள்களை அடுக்கி அவளிடம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலையில், முதல் நோயாளியைக் கொண்டு வருவதற்கு முன், இருவரும் கை கழுவும் தொட்டியின் அருகே நின்றார்கள். அந்துவான் முழங்கை வரை சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பக்கம் பார்த்தேன்" என்றாள் குமுதவல்லி.

"என்ன வந்துச்சு?"

"என் சனி உங்க சூரியனுக்கு எதிர்ல நிக்குது."

"தமிழ்ல சொல்லுங்க."

"நான் உங்களைப் பார்க்கிற பார்வை, பரீட்சை ஹால்ல வாத்தியார் பார்க்கிற மாதிரி இருக்குமாம். இருந்திருக்கா?"

அந்துவான் குழாயின் மிதியைக் காலால் அழுத்தினார். தண்ணீர் விழுந்தது. நிதானமாகக் கைகளைக் காட்டினார். விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு நுரை இறங்கியது.

"நீங்க கடிகாரத்தைப் பார்த்தா எனக்குக் கை குளிரும்" என்றார். "ஆரம்பத்துலேர்ந்தே."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? கடிகாரத்தைப் பார்க்காதீங்கன்னு மயக்க டாக்டர்கிட்ட சொல்ல முடியுமா?"

அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது.

"அன்னைக்குக் கத்தினேனே" என்றார் அந்துவான், கையை மேலே தூக்கிப் பிடித்தபடி. "எனக்கு அப்ப பயம் மேடம். ரத்தம் எங்கேயிருந்து வருதுன்னு தெரியலை. அந்த நேரத்துல நிறுத்தச் சொன்னீங்க. நிறுத்தினா பயந்தது தெரிஞ்சுடும்னு கத்தினேன்."

"எனக்கும் பயம்தான்" என்றாள் குமுதவல்லி. "அதனாலதான் நிறுத்தச் சொன்னேன்."

நர்ஸ் கதவைத் திறந்து, "பேஷண்ட் வந்தாச்சு" என்றாள். இருவரும் உள்ளே போனார்கள்.

அன்று மதியம் குமுதவல்லி நிர்வாகியிடம், புதுக் கட்டடத்துக்கு வேறு ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். காரணம் கேட்டார். "இங்கே ஆள் சரியா அமைஞ்சிருக்கு" என்றாள். அவர் யாரைச் சொல்கிறாள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

கொஞ்ச நாள் நன்றாகப் போனது. அவள் கடிகாரத்தைப் பார்க்கும்போது, "எல்லாம் சரியா இருக்கு டாக்டர், நேரம் பார்க்கிறேன், அவ்வளவுதான்" என்று வாய்விட்டுச் சொல்லப் பழகினாள். அவர், "ரத்தம் வருது, பிடிச்சுட்டேன்" என்று சொல்லப் பழகினார். நர்சுகளுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

பிறகு ஒரு நாள், வயதான ஒருவர் பித்தப்பை அறுவைக்கு வந்தார். சர்க்கரை ஏறியிருந்தது. நெஞ்சுத் துடிப்பும் ஒழுங்காக இல்லை. குமுதவல்லி தள்ளி வைக்கச் சொன்னாள். பித்தப்பை வீங்கியிருக்கிறது, காத்திருந்தால் வெடித்துவிடும் என்றார் அந்துவான். மயக்கத்திலேயே உயிர் போய்விட்டால் பித்தப்பை எதற்கு என்றாள் அவள். நடைபாதையில் நின்றபடியே குரல் உயர்ந்தது. வார்டு வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "உங்களுக்குச் சந்தேகப்படறதே வேலை" என்றார் அவர். "உங்களுக்கு அறுக்கிறதே வேலை" என்றாள் அவள். கடைசியில் வயிற்றில் ஒரு குழாய் வைத்துப் பித்தத்தை வடித்துவிட்டு, சர்க்கரை இறங்கும் வரை காத்திருக்கலாம் என்று முடிவானது. அதை முதலில் சொன்னது யார் என்பதிலும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பெரியவர் பின்பு அறுவை முடிந்து நலமாக வீட்டுக்குப் போனார்.

அந்த வாரம் குமுதவல்லி வகுப்புக்குச் சீக்கிரமே வந்துவிட்டாள். செலின் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், மறுபடியும் சண்டை வந்துடுச்சு."

"யாரோட?"

"அந்துவானோடதான். ஆஸ்பத்திரியே கூடி நின்னு பார்த்துச்சு. பேசினா சரியாயிடும்னு நினைச்சேன். பேசினோம். ஆனா அந்தப் புதன் எதிர்லயேதான் நிக்குது. நகரவே இல்லை."

"நகராது அக்கா."

"அப்ப என்னதான் மாறிச்சு?"

செலின் துணியை உதறி, பலகையின் ஓரத்தில் போட்டாள்.

"இந்தத் தடவை எதுக்குச் சண்டை?"

"ஒரு பேஷண்டுக்காக. எப்படிக் காப்பாத்துறதுன்னு."

"முன்னாடி மூணு வருஷம்?"

"ரெண்டு பேரும் பயந்தது தெரிஞ்சுடக் கூடாதுன்னு" என்றாள் குமுதவல்லி. மற்ற மாணவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.